குழந்தைக்கு ஒரு சிரிப்பு, கூட வந்தவருக்கு இன்னொன்று

'டாய் ஸ்டோரி' (1995) படத்தின் தொடக்கத்தில் ஒரு குட்டிக் காட்சி வரும். உருளைக்கிழங்கு பொம்மை தன் கண், மூக்கு, வாய் எல்லாவற்றையும் கழற்றி, கண்டபடி இடம் மாற்றிச் செருகிக்கொண்டு, பன்றி உண்டியலிடம் வந்து நிற்கிறது. "பாரு, நான்தான் பிக்காசோ!" பன்றிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "புரியலையே" என்கிறது. கலை தெரியாத பன்றி என்று திட்டிவிட்டு உருளைக்கிழங்கு நகர்கிறது. போகிற வழியில் நிற்கும் ஐஸ் ஹாக்கி வட்டு பொம்மையையும் "என்ன பார்க்கிறே, ஹாக்கி வட்டே" என்று ஒரு சீண்டு சீண்டிவிட்டுப் போகிறது. சில விநாடிகளில் எல்லாம் முடிந்துவிடும்.

இதில் யார் யார் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்கலாம். நாலு வயதுக் குழந்தைக்கு, காது இருக்க வேண்டிய இடத்தில் மூக்கு இருப்பதே போதும். பிக்காசோ யாரென்று தெரியத் தேவையில்லை. அம்மாவுக்கு, முகத்தைக் கலைத்துப்போட்டு வரைந்த ஓவியர் நினைவுக்கு வருவார். நிஜமாகவே பன்றியாக இருக்கும் ஒன்றைப் பன்றி என்று திட்டுவதும் அவருக்குக் கூடுதல் வேடிக்கை. தாத்தாவுக்கு மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. உருளைக்கிழங்குக்குக் குரல் கொடுத்தவர் டான் ரிக்கிள்ஸ். மேடையில் ஏறிப் பார்வையாளர்களையே திட்டிச் சிரிக்கவைத்துப் பெயர் வாங்கியவர். 'ஹாக்கி வட்டு' என்பது அவருடைய பிரபலமான திட்டு. அந்த வசவை நிஜமான வட்டு ஒன்றைப் பார்த்தே அவர் குரல் சொல்கிறது. அமெரிக்காவில் அவரைப் பல வருடம் டிவியில் பார்த்தவர்களுக்கு அந்த ஒரு சொல்லே போதும்.

பன்றி "புரியலையே" என்பதைத் தனியாகக் கவனியுங்கள். அது தியேட்டரில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் வாய். பிக்காசோ என்றால் என்னவென்று தெரியாத குழந்தைக்கு, படத்திலேயே ஒருவருக்கும் தெரியவில்லை என்பது ஆறுதல். தான் எதையோ தவறவிட்டோம் என்ற உறுத்தல் வருவதில்லை. அந்தத் தெரியாமைதான் பெரியவருக்குச் சிரிப்பு. ஒரே வசனம் இரண்டு பக்கமும் வேலை செய்கிறது.

இந்தக் கட்டுரை அந்தக் கட்டுமானத்தைப் பற்றியது: குழந்தைக்கான கதையின் மேல், கதையைக் கெடுக்காமல், பெரியவருக்கான நகைச்சுவையை எப்படி ஏற்றுகிறார்கள், எங்கே அது சரிகிறது.

சிலேடை மாதிரி, ஆனால் தலைகீழாக

இரண்டு பொருள்படப் பேசுவது தமிழுக்குப் புதிதில்லை. பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் பொருந்துகிற மாதிரி ஒரே வெண்பாவைக் காளமேகம் பாடினார். ஆனால் சிலேடையில், கேட்பவருக்கு இரண்டு பொருளும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும், அதில்தான் சுவை. குடும்ப அனிமேஷன் படத்தில் நிலைமை வேறு. அரங்கில் பாதிப் பேருக்கு இரண்டாவது பொருள் என்று ஒன்று இருப்பதே தெரியக் கூடாது. அவர்களும் அதே நொடியில் வேறொரு காரணத்துக்காகச் சிரித்துக்கொண்டிருக்க வேண்டும்.

இப்படி மெனக்கெடுவதற்கான வணிகக் காரணம் எளியது. ஆறு வயதுக் குழந்தை தனியாகப் படத்துக்கு வராது. டிக்கெட் எடுப்பவரும் பக்கத்தில் உட்கார்ந்தே ஆக வேண்டும். வீட்டிலோ அதே படம் திரும்பத் திரும்ப ஓடும், அதையும் அவர் கேட்டுத்தான் ஆக வேண்டும். அவருக்கும் படத்தில் ஏதாவது இருந்தால், அடுத்த பாகத்துக்குக் கூட்டிப்போகத் தயங்க மாட்டார்.

ஆகவே எழுதும்போது எது முதலில் என்பதில் குழப்பம் கிடையாது. குழந்தைக்கான அடுக்கு தரை. பெரியவருக்கான அடுக்கு மாடி. தரையில்லாமல் மாடி கட்டியவர்களும் உண்டு. அவர்களிடம் பிறகு வருவோம்.

மூன்று சுறாக்களின் கூட்டம்

முழுக் காட்சி ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்க்க 'ஃபைண்டிங் நீமோ' (2003) படத்தின் சுறாக் காட்சியைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து வேறில்லை.

தொலைந்த மகனைத் தேடிப் போகும் மார்லின் என்ற மீனையும், கூடப் போகும் மறதிக்கார மீன் டோரியையும் புரூஸ் என்ற பெரிய சுறா மறித்து, 'சின்னதா ஒரு கூட்டம் இருக்கு, வாங்க' என்று கூட்டிப்போகிறது. மூழ்கிப்போன நீர்மூழ்கிக் கப்பலுக்குள் கூட்டம். சுற்றிலும் பழைய கடல் கண்ணிவெடிகள் உருண்டை உருண்டையாக மிதக்கின்றன. டோரிக்கு அவை பலூன்கள். அப்படியென்றால் இது பார்ட்டிதான் என்று அவள் முடிவுசெய்துவிடுகிறாள். பலூன் வெடித்தால் நன்றாக இருக்காது, தள்ளியே வாருங்கள் என்று புரூஸும் பூசி மெழுகுகிறது. குழந்தை பலூனைப் பார்க்கிறது, கூட வந்தவர் வெடியைப் பார்க்கிறார். கூட்டம் தொடங்கும் முன்பே இரண்டு அடுக்கும் தயார்.

உள்ளே மூன்று சுறாக்கள் வட்டமாகக் கூடி, மீன் சாப்பிடுவதை விட்டுவிட உறுதிமொழி எடுக்கின்றன. ஒருவர் எழுந்து தன் பெயரைச் சொல்கிறார்; மற்றவர்கள் பெயர் சொல்லி வரவேற்கிறார்கள். கடைசியாக மீன் சாப்பிட்டு மூன்று வாரம் ஆகிறது என்று புரூஸ் கணக்குச் சொல்லக் கைதட்டல் கிடைக்கிறது. இன்று ஐந்தாவது படி, ஒரு மீன் நண்பரை அழைத்துவர வேண்டும் என்பது நிகழ்ச்சி நிரல். சம் என்ற சுறா, தன் நண்பரை எங்கேயோ தவறவிட்டுவிட்டதாக மென்று முழுங்குகிறது. தனக்கு அப்படி எந்தப் பிரச்சினையும் இல்லை என்று மார்லின் சொன்னதும், பிரச்சினையே இல்லையென்று மறுப்பதும் ஓர் அறிகுறிதான் என்று சுறாக்கள் தலையாட்டுகின்றன.

1935-இல் அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் கூட்டம் இப்படித்தான் நடக்கும். பெயர் சொல்வது, குடிக்காமல் இருந்த நாளை எண்ணுவது, பன்னிரண்டு படிகள் எல்லாமே அங்கிருந்து வந்தவை. இதைத் தெரிந்த பெரியவருக்கு ஒவ்வொரு வரியிலும் இரண்டாவது சிரிப்பு உண்டு. தெரியாத குழந்தைக்கு என்ன உண்டு? மீன் தின்னும் சுறாக்கள் மீனைத் தின்னமாட்டோம் என்று கஷ்டப்பட்டு உட்கார்ந்திருக்கின்றன. எதிரே இரண்டு மீன்கள் நடுங்கிக்கொண்டிருக்கின்றன. இதற்கு எந்தப் பொது அறிவும் வேண்டாம். மிட்டாய் டப்பாவுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொன்னால் எப்படி இருக்கும் என்று குழந்தைக்குத் தெரியும். நண்பரைத் தவறவிட்டேன் என்றால் தின்றுவிட்டது என்பதைச் சற்றே வளர்ந்த பிள்ளை தானே கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்த பெருமையும் சேர்ந்துகொள்ளும்.

பிறகு திருப்பம். டோரியும் மார்லினும் ஒரு நீச்சல் கண்ணாடியை இழுத்துப் பிடுங்கும்போது டோரியின் மூக்கில் அடிபட்டு ஒரு சொட்டு ரத்தம் நீரில் கலக்கிறது. வாசனை புரூஸின் மூக்கில் ஏறுகிறது. கண்மணி கறுத்துப் பெருக்க, விரதம் கலைகிறது. மற்ற இரண்டு சுறாக்களும் பிடித்து இழுத்தபடி, அவன் வேண்டுமென்று செய்யவில்லை, அப்பாவையே பார்த்ததில்லை பாவம் என்று மன்னிப்புக் கேட்கின்றன. குடித்துவிட்டு ரகளை செய்பவருக்காக வீட்டார் அக்கம்பக்கத்தில் சமாதானம் சொல்வது இதே தொனியில்தான். அங்கே பெரியவர் சிரிக்கிறார். குழந்தை சிரிக்காது, அது நாற்காலி நுனியில் இருக்கிறது. பெரியவருக்குச் சிரிப்பு, குழந்தைக்குப் பயம் என்று இரண்டு அடுக்கும் வேறு வேறு உணர்ச்சியாகக்கூட இருக்கலாம் என்பதற்கு இது நல்ல சான்று. குழந்தையின் கை வெறுமையாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை.

துரத்தலில் இடிபட்டுக் கண்ணிவெடிகள் அத்தனையும் வெடிக்கின்றன. அவ்வளவு பெரிய வெடிப்பும் கடல்மட்டத்துக்கு வரும்போது ஒற்றைக் குமிழியாகச் சுருங்கி, மிதந்து தூங்கும் ஒரு கூழைக்கடாவுக்குப் பக்கத்தில் 'புளுக்' என்று வெளிவருகிறது. கூட இருக்கும் பறவை அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு முறைக்கிறது. நிறையப் பெரியவர் சரக்கு இருந்த காட்சியை, அரங்கிலேயே வயதில் குறைந்தவருக்கான காற்றுப் பிரியும் காமெடியில் முடித்திருக்கிறார்கள். கணக்கைத் தீர்த்துவிட்டுத்தான் அடுத்த காட்சிக்குப் போகிறார்கள்.

இந்தக் காட்சியை வெட்டிவிட்டால் படம் நகராது என்பதுதான் இதன் உண்மையான பலம். மகனைக் கொண்டுபோன ஆளின் முகவரி அந்த நீச்சல் கண்ணாடியில் எழுதியிருக்கிறது. டோரிக்கு அதைப் படிக்கத் தெரியும் என்பது இங்கேதான் தெரியவருகிறது. பெரியவருக்கான பகடி, கதையின் முதுகில் ஏறிச் சவாரி செய்கிறது. கதையை நிறுத்திவைத்துவிட்டு மேடை ஏறவில்லை. சுறாவின் பெயர்கூட அப்படித்தான். 'ஜாஸ்' (1975) படப்பிடிப்பில் இயந்திரச் சுறாவுக்கு வைத்த செல்லப்பெயர் புரூஸ். தெரிந்தவர் புன்னகைக்கலாம். தெரியாதவருக்கு அது ஒரு பெயர், அதற்கு மேல் ஒன்றுமில்லை, நஷ்டமும் இல்லை.

அதே தாதா, இரண்டு படம்

தரையில்லாமல் மாடி கட்டினால் என்னவாகும் என்பதற்கும் ஓர் உதாரணம் கடலுக்குள்ளேயே கிடைக்கிறது. அடுத்த ஆண்டு, 2004-இல், 'ஷார்க் டேல்' வந்தது. இங்கேயும் சுறாக்கள், இங்கேயும் பெரியவருக்கான பகடி. சுறாக்கள் ஒரு மாஃபியா கும்பல். தலைவருக்குக் குரல், மாஃபியா படங்களில் நடித்துப் பெயர் வாங்கிய ராபர்ட் டி நீரோ. கதாநாயக மீனின் முதலாளிக்குக் குரல், அவரை அப்படிப்பட்ட படங்களில் இயக்கிய மார்ட்டின் ஸ்கோர்செசி. யார் யாரோடு எந்தப் படங்களில் வேலை செய்தார்கள் என்று தெரிந்தவருக்கு அந்தக் குரல்களைக் கேட்பதே விருந்து.

ஆனால் கதாநாயகனின் சிக்கல் என்ன? ஆஸ்கர் என்ற அந்த மீன் முதலாளியிடம் ஐயாயிரம் கிளிஞ்சல் கடன்பட்டிருக்கிறான். அடைக்கக் கிடைத்த பணத்தையும் குதிரைப் பந்தயத்தில் (கடல்குதிரைதான்) கட்டித் தோற்கிறான். பெரிய மனிதனாக வேண்டும், உச்சி மாடியில் வீடு வேண்டும் என்பது அவன் ஏக்கம். கடன், பந்தயம், அந்தஸ்து. ஏழு வயதுப் பிள்ளைக்கு இதில் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது? பகடி கதையின் மேலே உட்காராமல், கதையே பகடியாகிவிட்டது. குழந்தைக்கு மிஞ்சுவது வண்ணமும் ஓட்டமும்தான். நியாயமாகச் சொன்னால், படம் நன்றாக வசூலித்தது, ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றது. சைவச் சுறாவாக வரும் லென்னியின் கிளைக்கதையில் குழந்தைக்கான தரையும் இருக்கிறது: அப்பாவுக்குப் பிடித்த மாதிரி நான் இல்லை என்ற பயம். அந்தப் பகுதிகளில் படம் உயிரோடு இருப்பதும் தற்செயல் இல்லை.

தாதா பகடியே குழந்தைப் படத்துக்கு ஆகாது என்று இதிலிருந்து முடிவுகட்ட வேண்டாம். 'ஜூடோபியா' (2016) படத்தில் 'காட்ஃபாதர்' (1972) பகடி வருகிறது: இருட்டு அறை, மகளின் கல்யாண நாள், கரகரத்த மெல்லிய குரல். ஆனால் அதற்கு முன்னால், மலைமலையான துருவக் கரடிகள் ஒவ்வொன்றாக வந்து நிற்கின்றன. இவர்தான் தாதாவா, அவரா என்று, கதையின் நாயகர்களான முயலும் நரியும் மிரண்டு பார்க்கின்றன. கடைசியில் ஒரு கரடியின் கையில், பொம்மை நாற்காலி அளவு நாற்காலியில், விரல் நீள மூஞ்சூறு. அவர்தான் தாதா. பெரிசை எதிர்பார்த்தால் சிறிசு வருவது எந்த வயதுக்கும் சிரிப்பு. தாதாவின் மகளை முயல் முன்பே ஓர் ஆபத்திலிருந்து காப்பாற்றியிருப்பதால், உயிர் பிழைப்பதும் கதைக்குள்ளிருந்தே வருகிறது. பகடிக்கு எடுத்த விஷயம் ஒன்றுதான். இங்கே முதலில் அளவை வைத்து ஒரு விளையாட்டு, பிறகுதான் ரெஃபரன்ஸ்.

கூச்சப்பட வேண்டிய காமெடி

பெற்றோர் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான்: பாலியல் சாடை. தமிழில் 'இரட்டை அர்த்தம்' என்றாலே முகம் சுளிக்கிறோம். 'ஷ்ரெக்' (2001) இதைக் கையாளும் விதத்தைப் பார்த்தால் தொழில்நுட்பம் தெளிவாகும்.

ஃபார்குவாட் பிரபுவின் வானளாவிய கோட்டையை முதல்முறை பார்த்ததும் கதாநாயகன் ஷ்ரெக், 'எதையோ ஈடுகட்டத்தான் இவ்வளவு உயரமா கட்டியிருக்கானோ?' என்று கூட வரும் கழுதையிடம் சொல்லிச் சிரிக்கிறான். பெரியவருக்கு விளக்கம் தேவையில்லை. குழந்தை ஏன் தடுமாறவில்லை என்றால், விடை அதன் கையில் முன்பே கொடுக்கப்பட்டிருக்கிறது. சற்று முந்தைய காட்சியில் பிரபு கம்பீரமாக நடந்து வருகிறார். காலடி ஓசை, கையுறை, வீரர்களின் வணக்கம் எல்லாம் முடிந்த பிறகுதான் ஆள் மேஜை உயரம்கூட இல்லை என்று காட்டுகிறார்கள். ஆகவே குழந்தைக்கு அந்த வசனம் தெளிவாக அர்த்தமாகிறது: குள்ளமான ஆள், அதனால் பெரிய கோட்டை. கவனித்தால், ஷ்ரெக் இன்னும் பிரபுவை நேரில் பார்க்கவே இல்லை. அவன் குள்ளம் என்று ஷ்ரெக்குக்குத் தெரியாது, நமக்குத்தான் தெரியும். அதாவது ஷ்ரெக் சொன்னது பெரியவரின் அர்த்தத்தில், குழந்தை கேட்டது குழந்தையின் அர்த்தத்தில். விதையை முன்கூட்டியே போட்டுவைத்ததால் இரண்டும் மோதிக்கொள்ளவில்லை.

இங்கிருந்து ஒரு நடைமுறைச் சோதனை கிடைக்கிறது. 'ஏம்மா சிரிச்சே?' என்று குழந்தை கேட்டால், பொய் சொல்லாமல், குழந்தை மட்டத்தில் சொல்ல ஒரு பதில் கதைக்குள் இருக்க வேண்டும். 'அந்த ஆள் குள்ளம்ல, அதான்' என்பது உண்மையான பதில். அப்படி ஒரு பதில் இல்லாத வசனம், எவ்வளவு நாசூக்காக இருந்தாலும், வெளியே போக வேண்டியதுதான்.

அதே படத்தில் கோட்டை வாசலில் மரப் பொம்மைகள் ஊர் விதிகளைப் பாடுகின்றன. புல்லை மிதிக்காதே என்ற வரி முடிந்ததும், இயைபுப்படி அடுத்த வரி ஆங்கிலத்தில் பின்புறத்தைக் குறிக்கும் கொச்சைச் சொல்லில்தான் விழுந்தாக வேண்டும். பொம்மைகளும் திரும்பிக் குனிகின்றன. ஆனால் வருவது 'முகம்' என்ற சொல். கெட்ட வார்த்தை படத்தில் உச்சரிக்கப்படவே இல்லை. கேட்பவரின் காது தானாக நிரப்பிக்கொள்கிறது. அந்தச் சொல் தெரியாத குழந்தைக்கு நிரப்ப எதுவும் கிடையாது. அதற்குப் பொம்மை பின்பக்கத்தை ஆட்டுவதே போதுமான கொண்டாட்டம். தணிக்கையிலும் பிடிபடாத முறை இது. அமெரிக்கத் தரச்சான்றில் 'ஷ்ரெக்' வாங்கியது, பெற்றோர் துணையோடு பார்க்கலாம் என்ற பிஜி.

நொடிக் கணக்கு

வசனம் சரியாக இருந்தும் காமெடி கெடுவது பெரும்பாலும் நேரத்தில். மேடையிலோ தொடரிலோ ஒரு பஞ்ச் சொன்னதும் சிரிப்புக்கு இடைவெளி விடுவார்கள். பெரியவருக்கான அடுக்குக்கு அப்படி இடைவெளி விடக் கூடாது. விட்டால், திரையில் ஒன்றும் நடக்காத ஒரு பள்ளம் உண்டாகிறது. பெரியவர்கள் சிரிக்க, குழந்தை திரும்பி அவர்கள் முகத்தைப் பார்க்கிறது. அந்த நொடியில் அது கதையை விட்டு வெளியே வந்துவிட்டது. ஆகையால் அடுத்த அசைவு உடனே தொடங்க வேண்டும். பெரியவர் ஒரு வசனத்தைத் தவறவிட்டால் பரவாயில்லை. வீட்டில் மறுபடி பார்க்கத்தான் போகிறார்.

இன்னொரு தவறு, பாத்திரம் தானே கண்ணடிப்பது. புரூஸ் சுறா நிஜமாகவே திருந்தப் பாடுபடுகிறது. தான் ஒரு பகடி என்று அதற்குத் தெரியாது. தெரிந்த மாதிரி ஒரு புருவத்தை உயர்த்தினால்கூட, மார்லினுக்கு ஆபத்து என்ற நம்பிக்கை போய்விடும்.

இதையெல்லாம் படம் வரைந்து முடித்தபின் சரிசெய்ய முடியாது. விநாடிக்கு 24 சட்டகம் என்றால், ஐந்து விநாடிக் காமெடிக்கு 120 சட்டகம். நடிகரைக் கூப்பிட்டு இன்னொரு டேக் எடுக்கிற விஷயம் இல்லை. அதனால்தான் முதலில் ஸ்டோரிபோர்டு ஓவியங்களைத் தற்காலிகக் குரல், இசையோடு வரிசையாக ஓடவிட்டு ஸ்டோரி ரீல் தயாரிக்கிறார்கள். முழுப் படத்தையும் இந்தக் கோட்டோவிய வடிவில் ஓட்டி, பார்த்து, கலைத்து, மறுபடி கட்டுகிறார்கள். 'டாய் ஸ்டோரி', 'ஃபைண்டிங் நீமோ' படங்களை எடுத்த பிக்சர் நிறுவனத்தில் மற்ற இயக்குநர்களும் எழுத்தாளர்களும் கூடிப் பார்த்துக் கருத்துச் சொல்லும் குழுவுக்கு 'பிரெயின் டிரஸ்ட்' என்று பெயர். ஆனால் அங்கே இருப்பவர்கள் எல்லோரும் பெரியவர்கள், அதிலும் சினிமாப் பைத்தியங்கள். ரெஃபரன்ஸ் வந்தால் அந்த அறை அதிர்வது இயல்பு. அதை நம்பி ஏமாறக் கூடாது. குடும்பத்தோடு வரும் பார்வையாளர்களுக்குப் போட்டுக் காட்டும்போதுதான் உண்மை தெரியும். பெரியவர் சிரிப்பு மட்டும் கேட்கிறது, குழந்தைகள் நாற்காலியில் நெளிகிறார்கள் என்றால், அங்கே தரை இல்லை.

எது பயணிக்கும், எது தங்கிவிடும்

பெரியவருக்கான அடுக்குக்கு ஆயுள் குறைவு. ஒரு நடிகரின் வசவு, அந்த வருடத்து டிவி நிகழ்ச்சி, ஒரு விளம்பரம் எல்லாம் பத்திருபது வருடத்தில் மங்கிவிடும். ஊர் தாண்டினாலும் அதே கதி. 'ஹாக்கி வட்டு' தமிழ்க் காதில் எந்த அதிர்வையும் உண்டாக்காது. ஆனால் 'ஜூடோபியா'வில், வாகனப் பதிவு அலுவலகக் கவுண்டர் முழுக்கத் தேவாங்கு போல மெதுவாக அசையும் ஸ்லாத்துகள் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகப் பேசும் காட்சிக்கு, ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலை மிதித்த எவருக்கும் விளக்கவுரை வேண்டாம். குறிப்பிட்ட படத்தையோ ஆளையோ நம்பும் ரெஃபரன்ஸைவிட, வயதுவந்த வாழ்க்கையின் அலுப்பை நம்பும் காமெடி எப்போதும் தூரம் போகிறது.

சில இடங்களைத் தயாரிப்பவர்களே நாட்டுக்கேற்ப மாற்றிவிடுகிறார்கள். 'ஜூடோபியா'வின் செய்தி வாசிப்பாளர் அமெரிக்காவில் மூஸ் மான், ஆஸ்திரேலியாவில் கோலா, சீனாவில் பாண்டா. 'இன்சைட் அவுட்' (2015) படத்தில் குழந்தை வெறுக்கும் புரொக்கோலி, ஜப்பானியப் பதிப்பில் குடைமிளகாய் ஆனது. இந்த இரண்டாவது மாற்றம் குழந்தை அடுக்குக்காகச் செய்யப்பட்டது என்பதைக் கவனிக்கலாம். தரையில் விரிசல் விடக் கூடாது என்பதற்காகத் திரும்ப வரைந்திருக்கிறார்கள். டப்பிங் எழுதுபவருக்கு அந்த வசதி கிடையாது. படம் மாறாது, வாயசைவும் மாறாது. மரப் பொம்மைகளின் பாட்டைத் தமிழில் எழுதினால் இயைபு போய்விடும், அதோடு பெரியவரின் சிரிப்பும். பொம்மை குனிவது மட்டும் மிஞ்சும். குழந்தைக்கான அடுக்கைப் படத்திலும் பெரியவருக்கானதைச் சொல்லிலும் வைத்தால், மொழி மாறும்போது எது உயிர் பிழைக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஒன்றைக் கட்டிப் பார்ப்போம்

துறவி நண்டுக்குச் சொந்த ஓடு கிடையாது. காலியான சங்கைத் தேடிக் குடியேறும். உடம்பு வளர்ந்தால் பெரிய சங்குக்கு மாறும். இதை வைத்து வீட்டுத் தரகர் காமெடி எழுதலாம்.

முதல் வரைவில் கை தானாக இப்படிப் போகும்: தரகர் நண்டு வருகிறது, அட்வான்ஸ் பத்து மாதம், கமிஷன் ஒரு மாத வாடகை, சைவம் மட்டும், பேச்சிலர் கூடாது என்று அரை நிமிடம் பொழிகிறது. வாடகை வீட்டில் இருந்தவர் விழுந்து விழுந்து சிரிப்பார். குழந்தைக்கு இரண்டு நண்டுகள் நின்று பேசிக்கொண்டிருக்கின்றன.

இரண்டாவது வரைவில் தரையிலிருந்து தொடங்குவோம். குட்டி நண்டின் சங்கு இறுகிவிட்டது, தும்மினால் பிதுங்கி வெளியே விழுகிறது. மேலே ஒரு கடற்புறா வட்டமிடுகிறது. அது இறங்குவதற்குள் வீடு வேண்டும். இது குழந்தைக்குப் புரியும். இப்போது தரகரைக் கூப்பிடலாம், ஆனால் ஒவ்வொரு வசனத்துக்கும் படம் பதில் சொல்ல வேண்டும். "கடலைப் பார்த்த வாசல் தம்பி" என்றதும் அலை ஒன்று நேரே உள்ளே புகுந்து குட்டியைப் புரட்டிப்போடுகிறது. "வீட்டுக்காரர் தொந்தரவே கிடையாது" என்ற சங்கிலிருந்து ஆக்டோபஸின் கை நீண்டு தரகர் தலையில் தட்டுகிறது. "இது நல்ல காத்தோட்டம்" என்று காட்டிய மூன்றாவது சங்கில் பின்னால் பெரிய ஓட்டை. குட்டியின் பின்புறம் அப்படியே வெளியே தெரிகிறது. அட்வான்ஸ், கமிஷன் எல்லாம் வெட்டுப்பட்டுப் போயின, அவற்றுக்கு வரைய ஒன்றுமில்லை.

இப்போது கடற்புறா இறங்குகிறது. வாசல் வழியாக அலகை உள்ளே விடுகிறது. குட்டி நண்டு அந்த ஓட்டை வழியாகப் பின்னால் நழுவி மணலுக்குள் தப்பிக்கிறது. கடற்புறாவின் அலகு சங்கில் மாட்டிக்கொள்கிறது. கல்லுக்குப் பின்னாலிருந்து தரகரின் குரல் மட்டும் கேட்கிறது: "காத்தோட்டம்னு சொன்னேனா இல்லையா?"